விடுமுறை 9ஆம் திகதி முடிகிறது, அலுவலகம் 14ஆம் திகதிதான் திறக்கும்: தானாகச் செல்லும் மின்னஞ்சல் பதிலை எழுதுவது எப்படி?

முன்பெல்லாம் ஊரில் ஒரு நொத்தாரிசுவோ சட்டத்தரணியோ இரண்டு நாள் வெளியே போனால் படலையில் ஒரு மட்டை தொங்கும். "கொழும்பு போயுள்ளேன், வியாழன் வருவேன், அவசரமென்றால் பக்கத்து வீட்டில் கேட்கவும்" என்று அதில் எழுதியிருக்கும். உறுதி முடிக்க வந்தவர் அதை வாசித்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். அவருக்கு நட்டம் அரை மணித்தியாலம்.

இன்று அதே படலையைத் தட்டுபவர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார். அவர் கிழமைக்கணக்கில் விடுமுறை எடுத்து, பெருந்தொகை கொடுத்து ரிக்கெட் வாங்கி, ஊரில் நிற்கும் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் காணி, உறுதி, பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார். படலை மட்டையின் இடத்தில் இப்போது இருப்பது மின்னஞ்சல் கணக்கிலிருந்து தானாகச் செல்லும் பதில்தான். அதில் ஒரு திகதி பிழைத்தால் வந்தவர் ஒரு பயணத்தையே இழக்கலாம்.

உடுவிலை வைத்து ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, நாட்காட்டி உண்மையானது.

உடுவிலில் பெற்றோரின் முதுசக் காணி. ஒரு பங்கு அங்கேயே வாழும் சகோதரிக்கும், மறு பங்கு 1990களில் இடம்பெயர்ந்து பிறகு கனடா போன அண்ணனுக்கும் இருக்கிறது. அண்ணன் தன் பங்கைத் தங்கைக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்க விரும்புகிறார். அற்றோர்ணித் தத்துவம் அனுப்பியும் செய்யலாம். ஆனால் நேரில் வந்து கையெழுத்து வைப்பதே நல்லது என்று நினைக்கிறார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி அசையாச் சொத்தைக் கைமாற்றும் உறுதி, நொத்தாரிசுவும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையெழுத்திடப்பட வேண்டும். ஆகவே எழுதிக் கொடுப்பவர், நொத்தாரிசு, சாட்சிகள் இருவர் என நான்கு பேர் ஒரே நாளில் ஒரே அறையில் கூட வேண்டும். நேரம் எடுப்பது இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை.

2025 மே மாதம். நொத்தாரிசு தன் மகளின் வீட்டுக்குப் போகிறார். மே 1, வியாழக்கிழமை, தொழிலாளர் தினம். 2 வெள்ளி முதல் 9 வெள்ளி வரை அவர் விடுமுறை. 10, 11 சனி, ஞாயிறு. 12 திங்கட்கிழமை வெசாக் போயா. 13 செவ்வாய், வெசாக்குக்கு அடுத்த நாள், அதுவும் பொது விடுமுறை. அவர் மீண்டும் மேசைக்கு வருவது 14ஆம் திகதி புதன்கிழமை.

புறப்படும் அவசரத்தில் அவர் எழுதி வைத்த தானியங்கிப் பதில் இதுதான்: "நான் 09.05 வரை விடுமுறையில் உள்ளேன். அவசரமாயின் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கனடாவில் இருப்பவர் இதை வாசித்து, வெள்ளி வரை லீவு, அப்படியென்றால் திங்கள் வருவார் என்று கணக்குப் போடுகிறார். இருபத்தைந்து வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கு வெசாக் எந்த நாளில் வருகிறது என்று நினைவிருக்காது. அவருடைய விமானம் 13ஆம் திகதி இரவு கட்டுநாயக்காவில். 12ஆம் திகதி காலை கையெழுத்து, 13 காலை கொழும்புக்குப் புறப்பாடு என்று திட்டமிட்டு 7ஆம் திகதி வந்து இறங்குகிறார். 12ஆம் திகதி காலை தங்கையையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு போனால் படலை பூட்டு. அடுத்த வருகை எத்தனை வருடத்துக்குப் பிறகோ. "அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்ற வரியும் அவருக்கு உதவாது. எந்த இலக்கம், யாரைக் கேட்பது, எத்தனை மணிக்கு என்று அதில் எதுவும் இல்லை.

அந்தப் பதிலில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று, விடுமுறை முடியும் நாளைச் சொன்னது, திரும்பும் நாளைச் சொல்லவில்லை. வாசிப்பவருக்குத் தேவை, தான் கதவைத் தட்டினால் ஆள் இருக்கும் முதல் நாள். நடுவில் சனி, ஞாயிறு, போயா, தைப்பொங்கல், தீபாவளி எது வந்தாலும் அவற்றைத் தாண்டி எண்ணுவது எழுதுபவரின் வேலை. வாசிப்பவரிடம் அதை விடக்கூடாது. இலங்கையில் ஒவ்வொரு பூரணை தினமும் பொது விடுமுறை என்பதால் மாதம் ஒருமுறையாவது இந்தக் குழப்பத்துக்கு இடமுண்டு.

இரண்டாவது, திகதி எழுதிய விதம். 09.05 என்றால் நமக்கு மே 9. அமெரிக்க வழக்கத்தில் அது செப்ரெம்பர் 5. கனடாவில் இரண்டு வழக்கமும் கலந்தே புழங்குகிறது. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்தால் இந்தச் சந்தேகம் எழாது. "2025 மே 14, புதன்கிழமை" என்பதில் கிழமை ஒரு காவலும்கூட. திகதியைத் தட்டெழுதும்போது 14 என்பது 15 ஆகிவிட்டால், புதன் என்ற சொல்லோடு அது பொருந்தாது, வாசிப்பவர் உடனே கண்டுபிடித்துக் கேட்பார்.

நேரத்தையும் "இலங்கை நேரம்" என்று குறிப்பிடுவது நல்லது. மே மாதத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. இலங்கையில் புதன் காலை 9 மணி என்பது அங்கே செவ்வாய் இரவு 11.30.

அதே நொத்தாரிசு பின்வருமாறு எழுதியிருந்தால் கதை வேறு.

விடயம்: விடுமுறையில் உள்ளேன், மே 14 புதன் திரும்புவேன்

"வணக்கம். உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. இது தானாகச் செல்லும் பதில்.

நான் 2025 மே 14, புதன்கிழமை காலை 9 மணிக்கு (இலங்கை நேரம்) அலுவலகம் திரும்புவேன். அதற்கு முன் அலுவலகத்தில் இருக்கமாட்டேன். மே 12, 13 வெசாக் விடுமுறை.

மே 14க்கு முன் கையெழுத்து வைக்க வேண்டியவர்களும், ஏற்கனவே எடுத்த நேரத்தை மாற்ற வேண்டியவர்களும் எனது எழுதுவினைஞரை அழைக்கவும். தொலைபேசி 0094 21 … …. வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 4 வரை. அவர் நேரம் மட்டும் ஒதுக்கித் தருவார். உறுதி, அடையாள அட்டைப் பிரதிகளை அவருக்கு அனுப்ப வேண்டாம்.

மற்றைய மின்னஞ்சல்களுக்கு மே 14 முதல் 16க்குள் பதில் தருவேன்."

இதைச் சனிக்கிழமை வாசிக்கும் கனடாக்காரர் இரண்டு விடயத்தை உடனே அறிகிறார். 12ஆம் திகதி யாரும் இல்லை. ஆனால் அவசரம் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். ஞாயிறு இரவு 11.30க்கு, அதாவது இலங்கையில் மே 5 திங்கள் காலை 9 மணிக்கு, எழுதுவினைஞரை அழைக்கிறார். விமானம் ஏறுவதற்கு முன்பே விடை கிடைக்கிறது. அதே பகுதியில் அனுமதிப்பத்திரமுள்ள இன்னொரு நொத்தாரிசுவிடம் 9ஆம் திகதி வெள்ளி காலை நேரம் எடுத்துக் கொடுக்கலாம், அல்லது ரிக்கெட்டை 14க்குப் பிறகு தள்ளிப்போடச் சொல்லலாம்.

இங்கே ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இன்னொரு நொத்தாரிசு உறுதி முடிக்க வேண்டுமென்றால் அவருக்கு வரைவு வேண்டும், காணிப் பதிவகத்தில் பார்த்த தேடுதல் விபரம் வேண்டும். எழுதுவினைஞர் தன் விருப்பத்துக்குக் கோப்பைத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஆகவே போவதற்கு முன் நொத்தாரிசு தன் நாட்குறிப்பைத் திறந்து, இந்த இரண்டு கிழமைக்குள் அவசரமாகக்கூடிய கோப்புகள் எவை, கட்சிக்காரர் சம்மதித்தால் யாரிடம் கொடுக்கலாம் என்று எழுதுவினைஞரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தானியங்கிப் பதிலில் ஒருவரின் இலக்கத்தைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். இலக்கம் கொடுக்கப்பட்டவருக்கே அது தெரியாத நிலையும் உண்டு. அழைப்பு வந்ததும், "எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா வந்த பிறகு எடுங்கோ" என்பார். அழைத்தவர் அதற்காகவா இரவு பதினொன்றரை வரை விழித்திருந்தார்?

மாற்றுத் தொடர்பாகத் தனிப்பட்ட கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பதைவிட அலுவலக இலக்கத்தைக் கொடுப்பதே நல்லது. தானியங்கிப் பதில் தெரிந்தவர், தெரியாதவர், விளம்பரம் அனுப்புபவர் என்று எழுதிய எல்லோருக்கும் போகும். ஒரு இளம் பெண் எழுதுவினைஞரின் சொந்த இலக்கம் அப்படி எத்தனை பேரிடம் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. அதே காரணத்துக்காக, எங்கே போகிறீர்கள், வீட்டில் யார் நிற்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டியதில்லை. "குடும்பத்தோடு இரண்டு கிழமை இந்தியா" என்பது வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற அறிவித்தல்தான்.

"பிரதிகளை அவருக்கு அனுப்ப வேண்டாம்" என்ற வரியை வாசகர்கள் கவனித்திருக்கலாம். நம்முடைய மக்கள் அலுவலகங்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே அந்த வரி வருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிய சத்தியக்கடதாசி, தடுப்பில் இருந்ததற்கான கடிதம், காயத்தின் மருத்துவ அறிக்கை, இழந்த உறுதியின் பழைய பிரதி. மாற்றுத் தொடர்பு என்று ஒரு பெயரைக் கண்டதும், பதற்றத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் அந்த இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அனுப்பியது பிறகு எந்தக் கைத்தொலைபேசியில், யார் கண்ணில் கிடக்கும்? நேரம் ஒதுக்குபவருக்குப் பெயரும் திகதியும் போதும். உளவள ஆலோசகர்கள், சட்ட உதவி வழங்குவோர், வாக்குமூலம் பதிவோர் ஆகியோரின் தானியங்கிப் பதிலில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

எழுதிய பின் அதைக் கணக்கில் ஏற்றும் வேலை. இங்கேயும் சில இடங்களில் கால் தடுக்கும்.

நம்மிடையே சிறிய அலுவலகங்கள் பலவும் ஜிமெயில் கணக்கையே பாவிக்கின்றன. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, வலது மேல்மூலையில் பற்சக்கரக் குறியைத் தட்டி, `See all settings` என்பதைத் தெரிவு செய்தால் `General` என்ற பக்கம் வரும். அதன் அடிப்பகுதியில் `Vacation responder` இருக்கிறது. `Vacation responder on` என்பதைத் தெரிவு செய்து, `First day` என்ற இடத்தில் முதல் நாளையும், `Last day` என்ற இடத்தில் கடைசி நாளையும் இட வேண்டும். முதல் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி, கடைசி நாள் இரவு 11.59க்கு அது நின்றுவிடும். நமது உதாரணத்தில் `Last day` என்பதில் மே 13 வர வேண்டும். பலர் விடுமுறைப் படிவத்தில் எழுதிய 9ஆம் திகதியை இங்கேயும் இட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 10 முதல் 13 வரை எழுதுபவர்களுக்கு எந்தப் பதிலும் போகாது. கடைசியில் `Save Changes` என்பதை அழுத்த மறந்தால் எழுதியது எல்லாம் வீண்.

`Last day` என்பதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று ஜிமெயில் சொல்லாது. வெறுமையாக விட்டால் நீங்கள் நிறுத்தும் வரை பதில் போய்க்கொண்டிருக்கும். ஜூலை மாதத்தில் எழுதியவருக்கு "மே 14 திரும்புவேன்" என்று வந்தால், இந்த அலுவலகம் இயங்குகிறதா என்றே அவர் சந்தேகப்படுவார்.

அந்தப் பெட்டியின் கீழே `Only send a response to people in my Contacts` என்று ஒரு கட்டம் உண்டு. விளம்பரங்களுக்குப் பதில் போகாமலிருக்க நல்லது என்று நினைத்துப் பலர் அதைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத எவருக்கும் பதில் போகாது. முதன்முறையாக எழுதும் கனடாக்காரர் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். பொதுமக்களோடு பழகும் அலுவலகத்துக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும். ஸ்பாம் என்று ஜிமெயில் பிரித்தவற்றுக்கு எப்படியும் பதில் போகாது.

அவுட்லுக் பாவிக்கும் நிறுவனங்களில் இதே பிழை வேறு வடிவில் வரும். அங்கே `Automatic Replies` என்ற பகுதியில் நிறுவனத்துக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு பதில்களைத் தனித்தனியே எழுதலாம். பழைய அவுட்லுக்கில் `Inside My Organization`, `Outside My Organization` என்று இரண்டு பக்கங்கள் இருக்கும். புதியதில் `Send replies outside your organization` என்ற கட்டத்தைத் தனியாகத் தெரிவு செய்ய வேண்டும். அதைத் தொடாமல் விட்டால் பக்கத்து மேசைக்காரர் அனுப்பிச் சோதித்துப் பார்க்கும்போது பதில் அழகாக வரும். வெளியிலிருந்து எழுதும் மக்களுக்கு ஒன்றும் வராது. உத்தியோகத்தருக்கு இது தெரிய வருவதே இல்லை, ஏனென்றால் சோதித்தவர்கள் எல்லோரும் உள்ளே இருப்பவர்கள். சோதிப்பதென்றால் வெளிக் கணக்கிலிருந்து, அதுவும் உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒரு கணக்கிலிருந்து சோதிக்க வேண்டும். பிள்ளையின் மின்னஞ்சல் போதும்.

இன்னொரு சிக்கல் யாழ்ப்பாணத்துக்கே உரியது. இங்கே தட்டெழுதுபவர்கள் பலர் இன்னமும் பாமினி எழுத்துருவில் வேகமானவர்கள். கடிதத்தை வேர்ட்டில் பாமினியில் அடித்து, வெட்டி மின்னஞ்சலில் ஒட்டினால், பெறுபவரின் திரையில் "வணக்கம்" என்பது இப்படித் தெரியும்:

```
tzf;fk;
```

பாமினி எழுத்துரு ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். ஜிமெயில் அந்த எழுத்துருவை எடுத்துச் செல்வதில்லை. யுனிகோட் முறையில் அடிக்க வேண்டும், அல்லது பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்களில் ஒட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் திகதிகளை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

மொழியைப் பற்றிச் சொல்லும்போது வேல்ஸில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2008இல் சுவான்சி நகரசபை, கனரக வாகனங்கள் உள்ளே வரக்கூடாது என்ற வீதிப் பலகைக்கு வெல்ஷ் மொழிபெயர்ப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. உடனே ஒரு வெல்ஷ் பதில் வந்தது. அதுதான் மொழிபெயர்ப்பு என்று நினைத்துப் பலகையில் அச்சடித்து நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் வாசித்தபோது அதில் இருந்தது, தற்போது நான் அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள் என்ற பொருளில். மொழிபெயர்ப்பாளரின் தானியங்கிப் பதில்! உலகமே சிரித்தது. தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வரும் கடிதத்தை நம்பி வேலை செய்ய வேண்டிய நிலை நமது மக்களுக்குப் புதிதல்ல என்பதால், நாம் சிரித்துவிட்டு மட்டும் போக முடியாது.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். ஆகவே இங்குள்ள அரச அலுவலகத்தின் தானியங்கிப் பதில் தமிழில் இருப்பது சலுகையல்ல. அதன் கீழே அதே விபரத்தை ஆங்கிலத்திலும் எழுதுவது பயனுள்ளது, அதற்கு வேறொரு காரணம் உண்டு. வெளிநாட்டில் எழுபது வயதுத் தாயின் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது அங்கே பிறந்த பேரப்பிள்ளை. அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராமலிருக்கலாம். திரும்பும் நாளும் அவசர இலக்கமும் இரண்டு மொழியிலும் முதல் இரண்டு வரிகளுக்குள் வந்துவிட்டால் போதும். சிங்களத்தில் எழுதுபவர்களோடும் தொடர்புள்ள அலுவலகமென்றால் மூன்றாவது மொழியும் வரும். அறிந்தவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு.

மின்னஞ்சலே பார்க்காமல் வட்ஸ்அப்பிலேயே வேலை நடத்துபவர்களுக்கு, வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் `Away message` என்ற வசதி இருக்கிறது. குறித்த திகதியிலிருந்து குறித்த திகதி வரை போகும்படி `Custom schedule` என்பதில் வைக்கலாம். ஆனால் அந்தக் கைத்தொலைபேசி இணையத்தோடு இணைந்திருந்தால்தான் அது பதில் அனுப்பும். பயணத்தில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்தாலோ டேட்டா முடிந்தாலோ பதிலும் நின்றுவிடும். மின்னஞ்சலில் அந்தத் தொல்லை இல்லை. பதில் நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து போகிறது, உங்கள் கணினி பூட்டிக் கிடந்தாலும் போகும்.

மறுபக்கத்தில் நின்று, இப்படியொரு பதிலைப் பெறுபவர்களும் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் வந்தது. மறுநாள் இன்னொன்று எழுதினீர்கள், அதற்கு ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் ஆள் திரும்பிவிட்டார், வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கக்கூடாது. ஜிமெயில் ஒரே ஆளுக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் இந்தப் பதிலை அனுப்பும். அவுட்லுக் ஒருவருக்கு ஒருமுறை அனுப்பினால், அந்த விடுமுறை முடியும் வரை மீண்டும் அனுப்பாது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1980களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸில் `vacation` என்றொரு சிறு நிரல் வந்தது. சென்ட்மெயிலை எழுதிய எரிக் ஓல்மன் அதையும் எழுதினார். அது ஒரே ஆளுக்குக் கிழமைக்கு ஒருமுறைதான் பதிலளித்தது. இல்லாவிட்டால் விடுமுறையில் இருக்கும் இரண்டு பேரின் கணக்குகள் ஒன்றுக்கொன்று "நான் இல்லை", "நானும் இல்லை" என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே இருக்கும். 2004இல் வெளியான `RFC 3834` என்ற இணைய ஆவணம், தானாகச் செல்லும் ஒவ்வொரு பதிலிலும் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது:

```
Auto-Submitted: auto-replied
```

இந்த அடையாளமுள்ள மடலுக்கு இன்னொரு தானியங்கி பதிலளிக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் ஜிமெயிலில் அந்த மடலின் மூன்று புள்ளிகளைத் தட்டி `Show original` என்பதைத் திறந்து பார்க்கலாம். அந்த வரி இருந்தால் பதிலை எழுதியது மனிதரல்ல. அவுட்லுக்கிலிருந்து வருவதானால் விடயத்திலேயே `Automatic reply:` என்று பெரும்பாலும் தொடங்கும்.

மாற்றுத் தொடர்பாகப் பெயர் குறிக்கப்பட்டவரும் விடுமுறையில் போய், அவருடைய தானியங்கிப் பதில் முதலாமவரைக் காட்டினால், மக்கள் இருவருக்குமிடையே அலைவார்கள். இதை எந்த நிரலும் தடுக்காது. போவதற்கு முதல் நாள் இருவரும் நாட்காட்டியை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திரும்பி வரும் நாள் மாறினாலும் ஒரு வேலை உண்டு. நொத்தாரிசு 12ஆம் திகதியே ஊர் திரும்பிவிட்டால் பதிலைக் கையால் நிறுத்த வேண்டும். அல்லது காய்ச்சலில் 19ஆம் திகதி வரை தாமதமானால் புதிய திகதியை எழுத வேண்டும். ஜிமெயிலில் பதிலைத் திருத்திச் சேமித்தால் நான்கு நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும், மீண்டும் எழுதுபவருக்குப் புதிய திகதி போகும். ஆனால் முன்பு ஒருமுறை எழுதிவிட்டு 14ஆம் திகதியை நம்பி இருப்பவருக்கு அது தானாகப் போகாது. அவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைத்துச் சொல்ல வேண்டியது எழுதுவினைஞர்தான்.